முப்பதும் நாற்பத்தாறும்

"முப்பது பெருசா, நாப்பத்தாறு பெருசா? அதை மட்டும் சொல்லு! சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்டி!"

அண்ணன் கேட்ட கேள்வி சோபாக்காரிக்குத்தான். ஆனால் சனிக்கிழமை மூன்றரை மணிக்குத் தெருவில் வீட்டில் இருந்த எல்லோருக்கும் அந்தக் கணக்கு கேட்டுவிட்டது. எதிர் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் ஒரே துண்டை மூன்று முறை உதறினாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்தி வளர்ந்த குரல் அது. அதற்கு ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை.

"பெருசு எதுன்னு நான் கேக்கலை அண்ணா. என் மெஷின் எதுல போகும்னு கேக்கறேன்."

"நாப்பத்தாறுல போகாதது முப்பதுல போகுமா? மண்டைல என்ன, பஞ்சா?"

பஞ்சு மண்டையில் இல்லை, அறை முழுவதும் இருந்தது. வாசலை ஒட்டிய அந்த முன்னறைதான் அவளுடைய தொழிற்கூடம். மூலையில் ஃபோம் சுருள்கள், சுவரில் ரெக்ஸின் மாதிரித் துண்டுகள், நடுவே பாதி உரித்த மூன்று பேர் சோபா ஒன்று. அதன் மேல்தான் அண்ணி உட்கார்ந்திருந்தாள், ஸ்பிரிங் குத்தாத இடமாகப் பார்த்து. சோபா உறை, கார் சீட், உணவக நாற்காலி என்று தடித்த துணி எதுவானாலும் தைத்துக் கொடுப்பதால் சோபாக்காரிக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் இருக்கிறது.

விஷயம் இதுதான். கடல் தாண்டி ஒரு ஊரில் பட்டறை வைத்திருக்கும் மனிதர் ஒருவர், அவளுடைய வேலையைப் படத்தில் பார்த்துவிட்டு ஆள் அனுப்பி விசாரித்து, விசாவும் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு ஹோட்டலுக்கு இருநூற்று நாற்பது நாற்காலி. இன்னும் ஒன்பது நாளில், திங்கட்கிழமை காலை வேலை ஆரம்பம். அவர் அனுப்பிய குரல் பதிவை அவள் மனப்பாடமாகச் சொல்வாள்: "உங்க மெஷினோட வந்தீங்கன்னா லாபத்துல மூணுல ஒரு பங்கு. மேஜையும் மோட்டாரும் இங்க இருக்கு, மெஷின் தலை மட்டும் போதும். மெஷின் இல்லாம வந்தா தினக்கூலிதான், மன்னிக்கணும். எனக்கும் வாடகை மெஷின் எடுக்கணும் இல்லையா?"

ஒரு பக்கம் பங்கு, ஒரு பக்கம் கூலி. நடுவில் நின்றது அந்தத் தையல் மெஷினின் இரும்புத் தலை. ஏழு வருஷம் சீட்டுப் போட்டு வாங்கியது. நான்கு மடிப்பு ரெக்ஸினை வெண்ணெய் மாதிரிக் கடந்து போகும். ஏற்கெனவே எண்ணெயை முழுக்க வடித்து, துடைத்து, ஃபோமில் சுற்றி, பலகைப் பெட்டிக்குள் உட்கார வைத்தாயிற்று. பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கும் அவளுடைய தங்கச்சி அங்கிருந்து கொக்கித் தராசை இரவல் வாங்கி வந்து தூக்கிப் பார்த்திருந்தாள். இருபத்தெட்டு கிலோ நானூறு கிராம்.

மூன்று நாளாகக் குடும்ப வாட்ஸப் குழுவில் விமானப் படங்கள் வந்து விழுந்தன. தேடல் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது, கீழே கட்டைவிரல் போடுவது, மறுபடியும் வேறொன்று அனுப்புவது. கடைசியில் நான்கு மிஞ்சின.

முதல் படம் முப்பத்தொன்றாயிரத்து நானூறு. எல்லாவற்றிலும் மலிவு. கையில் ஏழு கிலோ மட்டும், உள்ளே போடப் பெட்டி கிடையாது. நடுவில் இறங்கி மாற ஒரு மணி ஐந்து நிமிஷம். "இது ஓட்டப் பந்தயத்துக்குப் போறவங்களுக்கு" என்று தங்கச்சி அதை முதல் நாளே தள்ளிவிட்டாள்.

இரண்டாவது படம் முப்பத்தெட்டாயிரத்து இருநூறு. இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் இருபத்து மூன்று கிலோ. நடுவில் காத்திருப்பு பதின்மூன்று மணி நாற்பது நிமிஷம். போய்ச் சேர வேலைக்கு முந்தின ஞாயிறு இரவு. அண்ணனும் அண்ணியும் பிடித்த பிடி இதில்தான்.

மூன்றாவது, தங்கச்சி அனுப்பியது. நாற்பத்து மூன்றாயிரத்துத் தொள்ளாயிரம். முப்பது கிலோ. காத்திருப்பு இரண்டு மணி ஐம்பது நிமிஷம். சனி இரவே போய்ச் சேர்ந்துவிடும்.

நான்காவது முப்பத்து மூவாயிரம்தான். அடியில் பொடி எழுத்தில், இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் என்று இருந்தது. நடுவில் பெட்டியை நாமே எடுத்து, வெளியே போய், மறுபடி வரிசையில் நின்று போட வேண்டும். விமானம் தவறினால் யாரும் பொறுப்பில்லை. இருபத்தெட்டு கிலோ இரும்பைத் தலையில் வைத்துக்கொண்டு அந்நிய ஊரில் அலைய அவளால் முடியாது. அதுவும் போயிற்று.

மிஞ்சியது இரண்டும் மூன்றும். சண்டையும் அங்கேதான்.

"அண்ணா," தங்கச்சி பொறுமையாக ஆரம்பித்தாள். பொறுமை அவளுக்கு ஆபீஸில் மட்டும் கொடுக்கிற சாமான், வீட்டுக்குக் கொண்டு வருவது அபூர்வம். "ரெண்டு பெட்டி, ஒண்ணொண்ணும் இருபத்து மூணு. மொத்தம் நாப்பத்தாறுன்னு எழுதலை பாரு. ஒரு பெட்டில இருபத்தெட்டு வெச்சா அது அதிக எடை. இன்னொரு பெட்டி காலியா இருந்தாலும் அவங்களுக்குக் கவலை இல்லை."

"அப்ப கொஞ்சத்தை இந்தப் பெட்டில, கொஞ்சத்தை அந்தப் பெட்டில வை!"

"மெஷின் தலையைக் கோடாலியால ரெண்டா வெட்டவா?" சோபாக்காரி எழுந்தே விட்டாள். "பாதிய இடது கைல, பாதிய வலது கைல எடுத்துட்டுப் போறேன். சரியா இருக்குமா?"

"எதுக்கு இப்படிக் குதிக்கிறே?" அண்ணி சோபாவிலிருந்து ஒரு நூலைப் பிய்த்தபடி சொன்னாள். "அஞ்சாயிரத்து எழுநூறு மிச்சம். பதிமூணு மணி நேரம் காலை நீட்டி உக்காரலாம். உனக்கு முதுகு வலின்னு நீதானே சொல்லுவே? ரெண்டு மணி நேரத்துல இறங்கி ஏறி, மூச்சு வாங்கிப் போய்ச் சேரணுமா? நாங்க உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்."

அண்ணி அவள் முதுகைப் பற்றிக் கவலைப்பட்டது அந்த வீட்டுச் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. சோபாக்காரிக்கு உள்ளே எங்கோ ஒரு தையல் பிரிந்தது.

அவள் போனை எடுத்து நான்கு படங்களையும் ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்தாள். துணி வெட்டுகிறவள் கண் அது. எங்கே கத்தரி போயிருக்கிறது என்று அதற்குத் தெரியும். முதல், மூன்றாவது, நான்காவது படங்களில் காத்திருக்கும் நேரத்துக்குப் பக்கத்திலேயே எந்த ஊரில் என்று மூன்று எழுத்தில் இருந்தது. இரண்டாவது படத்தில் மட்டும் வலது ஓரம் குட்டையாக இருந்தது. நேரம் இருந்தது. ஊர் இல்லை.

"அண்ணா, இது எந்த ஊர்ல நிக்குது?"

"எது?"

"நீ அனுப்பினது. பதிமூணு மணி நேரம் எந்த ஊர்ல உக்காரப் போறேன்?"

"ஏதோ ஒரு ஊரு. ஊரு முக்கியமா? ஏர்போர்ட்டுக்குள்ளதானே இருக்கப் போறே."

"மத்ததுல எல்லாம் ஊர் இருக்கு. இதுல வெட்டியிருக்கு."

"அது... ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அப்படி வரும்."

"வராது," என்றாள் தங்கச்சி. ஒரே வார்த்தை.

சோபாக்காரி வாக்குவாதம் செய்யவில்லை. தேடல் பக்கத்தைத் தன் போனிலேயே திறந்தாள். புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி. படத்தில் இருந்த அதே புறப்பாட்டு நேரத்தைத் தேடிக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். அண்ணி, "என்னதான் தேடுறாளோ" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

பதினோராவது வரியில் கிடைத்தது. முழுப் படமாக, வலது ஓரத்தோடு.

அண்ணியின் கூடப் பிறந்த அக்கா புருஷனோடு குடியிருக்கிற ஊர்.

அந்த ஊரின் பெயர் இந்தத் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். "எங்க அக்கா அங்க", "எங்க அக்கா அங்கேருந்து" என்று வாரத்துக்கு நான்கு தடவையாவது அண்ணி வாயில் வராமல் போகாது. போன மாதத்திலிருந்து அண்ணியின் உள்ளறையில் ஒரு பெரிய பெட்டி நிறைந்துகொண்டு வந்ததும் சோபாக்காரிக்கு ஞாபகம் வந்தது. போர்வை, எஃகுப் பாத்திர செட், அக்கா பேரனுக்கு உடுப்பு. யாருக்கு என்று கேட்டதற்கு, "சும்மா, எடுத்து வைக்கிறேன்" என்றிருந்தாள்.

"ரெண்டாவது பெட்டி உங்க பெட்டியா, அண்ணி?"

அண்ணி நூல் பிய்ப்பதை நிறுத்தினாள். "ஒரு இருபது கிலோ. அதுக்கு என்ன இப்போ? வழிதானே? அக்கா ஏர்போர்ட்டுக்கே காரோட வருவா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சோறு போட்டுத் திருப்பி விடுவா. உனக்கும் ஊரைப் பாத்த மாதிரி இருக்கும். சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? நான் ஏறின பிறகா?"

"பாருங்க, பாருங்க, உங்க தங்கச்சி பேசறதை!"

அண்ணன் பாய்ந்து வந்தான். "என்னடி பெரிய தப்பு? இத்தனை வருஷம் இந்த வீட்ல முன்னறையை உனக்கு விட்டுக் கொடுத்திருக்கா அவ. ஒரு பெட்டி தூக்க மாட்டியா?"

"தூக்குவேன் அண்ணா. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். ஆனா நீ ஒண்ணு மட்டும் சொல்லு." அவள் குரல் இறங்கிவிட்டது. கத்தும்போதுகூட அந்த அறை இவ்வளவு பயப்படவில்லை. "இருபத்து மூணுக்கு மேல ஒரு பெட்டி போகாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அண்ணன் ஃபோம் சுருளைப் பார்த்தான்.

"தெரியுமா?"

"கவுன்டர்ல பேசிப் பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

"யாரு பேசறது? நீயா? நீ வாசல்ல டாட்டா காட்டிட்டுத் திரும்பிடுவே. அந்த வரிசைல நான் தனியா நிப்பேன். பெட்டியைப் பிரி, இல்லேன்னா பணம் கட்டு, இல்லேன்னா விட்டுட்டுப் போன்னுவான். அண்ணியோட பாத்திரம் ஏறும். என் மெஷின் தரையில நிக்கும். நான் அங்க போய் தினக்கூலிக்கு நிக்கணும். அதானே?"

"அப்படி எல்லாம் நெனைக்கலைடி..."

"நெனைக்கலை. அதான் கோபம். என் மெஷினைப் பத்தி நீ நெனைக்கவே இல்லை!"

அப்போது அவள் கையில் இருந்தது பத்து அங்குலக் கத்தரி. தொழில் கத்தரி, எப்போதும் கையில் இருப்பதுதான். ஆனால் அண்ணன் இரண்டு அடி பின்னால் போனதை ஜன்னல் வழியே பார்த்தவர்கள் அன்று மாலைக்குள் அதை வேறு மாதிரிச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். "என் கார்டுலதானே டிக்கெட் போடணும்? ரெண்டாவதுன்னா போடுவேன். இல்லேன்னா நீயே பாத்துக்க."

"பாத்துக்கறேன்" என்றாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு டிக்கெட் கடையில் நான்கு பேரும் இருந்தார்கள். சோபாக்காரி தன் பணத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு போனாள், தங்கச்சி அரை நாள் விடுப்புப் போட்டு வந்தாள். அண்ணியை யாரும் கூப்பிடவில்லை. "நியாயம் கேக்கணும்" என்று தானே கிளம்பி, புருஷனையும் இழுத்து வந்துவிட்டாள். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, மூன்று சுழல் நாற்காலி. அவற்றின் இருக்கைத் துணி கிழிந்திருந்ததைச் சோபாக்காரி அந்தக் கோபத்திலும் கவனித்தாள்.

கவுன்டரில் இருந்த பெண் நான்கு படங்களையும் பார்த்தாள். "இது என்னைக்கு எடுத்தது?"

"போன வியாழன்."

"படம் அப்படியே நிக்கும் மேடம், விலை நிக்காது." அவள் தட்டிப் பார்த்தாள். "மூணாவது இப்போ நாப்பத்தஞ்சாயிரத்து நூறு. ரெண்டாவது முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு."

"பாத்தியா!" என்றாள் அண்ணி. "ஆறாயிரத்து ஐந்நூறு வித்தியாசம்! நாலு நாள் சண்டை போட்டு ஆயிரத்து இருநூறு ஏத்தி வெச்சிருக்கா!"

சோபாக்காரி அவள் பக்கம் திரும்பவில்லை. "என் பெட்டி ஒண்ணு. இருபத்தெட்டு கிலோ நானூறு கிராம். பிரிக்க முடியாது. ரெண்டுலயும் என்ன ஆகும்னு சொல்லுங்க."

அந்தப் பெண் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து, திரையை அவர்கள் பக்கமாகத் திருப்பினாள். "ரெண்டாவதுல ஒரு பெட்டி இருபத்து மூணைத் தாண்டினா, முப்பத்திரண்டு வரைக்கும் அதிக எடைக் கட்டணம். எட்டாயிரம். மூணாவதுல எடைக் கணக்குதான், பெட்டிக் கணக்கு இல்லை. முப்பது கிலோவுக்குள்ள ஒரே பெட்டியா இருந்தாலும் சரி. ஒரு பெட்டி முப்பத்திரண்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். உங்களுது தாராளமாப் போகும்."

தங்கச்சி விரல் மடக்கவில்லை, மனதுக்குள்ளேயே போட்டுவிட்டாள். "முப்பத்தெட்டு அறுநூறும் எட்டும் நாப்பத்தாறு அறுநூறு. அண்ணா, எது பெருசு இப்போ?"

அண்ணன் சுவரில் இருந்த உலக வரைபடத்தை முதல் தடவை பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி விடவில்லை. "சரி, எட்டாயிரத்தை நாங்க கட்டிடறோம். அப்புறம் என்ன? மெஷினும் போகும், என் பெட்டியும் போகும். அக்கா அங்க வந்து வாங்கிக்குவா."

"எங்க வந்து?" என்றாள் கவுன்டர் பெண்.

"அந்த நடு ஊர்லதான். பதிமூணு மணி நேரம் இருக்கே."

"மேடம், ஒரே டிக்கெட்ல போற பெட்டி நடுவுல கைக்கு வராது. இங்க போட்டா கடைசி ஊர்லதான் வரும். அவங்க வெளிய வரலாம், அதுக்குத் தனியா விசா வேணும். ஆனா உங்க பெட்டி வெளிய வராது."

"அப்படின்னா," என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள், "என் பெட்டி எங்க போகும்?"

"என்னோட பட்டறைக்கு," என்றாள் சோபாக்காரி. "உங்க அக்கா பேரன் உடுப்பை நான் நாற்காலிக்கு மாட்டிக்கறேன்."

தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தீயில் எண்ணெய் ஆனது. "சிரிக்கிறாளுங்க! ரெண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறாளுங்க!" என்று அண்ணி எழுந்து நின்று, பதினைந்து வருஷத்தை ஒரே மூச்சில் பட்டியல் போட்டாள். முன்னறையின் கரண்டு பில், மெஷின் சத்தத்தில் வந்த தலைவலி, கட்டிக் கொடுக்காமல் வீட்டோடு வைத்துக்கொண்ட நாத்தனாரால் பட்ட பேச்சு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

சோபாக்காரி அவளை முடிக்க விட்டாள். பிறகு அண்ணனைப் பார்த்துத்தான் பேசினாள். "கரண்டு பில் மாசா மாசம் நான் கட்டினேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லலை. பரவால்லை. இத்தனை வருஷமா அவங்க எதைக் கேட்டாலும் நீ தலையாட்டுவே, அது உன் குடும்பம். ஆனா ஓரத்தை வெட்டி எனக்குப் படம் அனுப்பினே பாரு... அதை அவங்க செய்யலை. நீ செஞ்சே."

"கோபத்துல பேசாதே..."

"கோபத்துலதான் பேசறேன். இது போனா பேச மாட்டேன், அதுக்குள்ள பேசிடறேன்."

துணிப்பையை அவிழ்த்து நாற்பத்தைந்தாயிரத்து நூறை மேஜை மேல் வைத்தாள். "மூணாவது. பேரு பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே போடுங்க. அந்த எடை விதியை அச்சடிச்சுக் குடுங்க, கையில வெச்சுக்கறேன்."

மிச்சம் ஒரு கிலோ அறுநூறு கிராம் இருந்தது. அதில் கத்தரி, பாபின், ஊசிப் பொட்டலம், துணியை அழுத்தும் மெஷின் கால் பாகங்கள் எல்லாம் பலகைப் பெட்டிக்குள்ளேயே போயின. கத்தரியைக் கையில் கொண்டு போக விடமாட்டார்கள் என்று கவுன்டர் பெண் ஞாபகப்படுத்தியிருந்தாள். உடுத்துவதற்கு ஏழு கிலோ கைப்பையில் அடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை புறப்பட்டபோது அண்ணன் வாடகை வண்டிக்கு முன்பணம் கொடுக்க வந்தான். தங்கச்சி ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றாள். விமான நிலையத்துத் தராசு இருபத்தொன்பது கிலோ தொள்ளாயிரம் காட்டியது. அங்கே நின்றவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அச்சடித்த தாளைப் பார்த்தான், சீட்டை ஒட்டிவிட்டான். நடுவில் இரண்டு மணி ஐம்பது நிமிஷத்தில் ஒரு காபி குடித்து, முகம் கழுவி, நடந்தே அடுத்த வாசலுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஞாயிறு முழுக்க மெஷினுக்கு எண்ணெய் விட்டு, மேஜையில் பொருத்தி, ஒரு பழைய திரைத்துணியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். திங்கள் காலை முதல் நாற்காலி அவளுடையது. பங்கும்தான்.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு அவள் போன் செய்யவில்லை. அவன் செய்தான், அவள் எடுக்கவில்லை. குடும்பக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாள். பட்டறைக்காரர் மனைவி இல்லாதவர் என்பதால், அவரையே கட்டிக்கொள்வாள் என்று தெருவில் இரண்டு வீடுகள் உறுதியாகச் சொல்லின. அவர் மறு வருஷம் தன் கடையில் கணக்கெழுதிய பெண்ணைக் கட்டிக்கொண்டார். சோபாக்காரி கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மாலையில் வேலை பார்த்தாள். அவள் யாரையும் கட்டவில்லை. தங்கச்சி பார்சல் ஆபீஸில் தராசு பழுது பார்க்க வந்தவனைக் கட்டிக்கொண்டு, மாற்றல் வாங்கி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அண்ணியின் அக்கா குடும்பமும் அந்த நடு ஊரை விட்டு எங்கோ போய்விட்டது என்று கேள்வி. முன்னறையை இப்போது ஒரு பல் வைத்தியருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அங்கேயிருந்தும் சத்தம் வருகிறது.